தட்டினால் கிடைப்பது பாட்டா, யாப்பா?

1990ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஓர் எளிய சோதனையை நடத்தினார். ஒருவர் எல்லோரும் அறிந்த பாடல் ஒன்றை மனத்துக்குள் பாடிக்கொண்டே அதன் தாள ஓட்டத்தை மேசைமீது விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாடல் என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றாவது கண்டுபிடிக்கப்படும் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். தட்டப்பட்ட பாடல்கள் 120, கண்டுபிடிக்கப்பட்டவை 3. தாம் அறிந்ததைப் பிறரும் அறிவர் என்று மயங்குகிற மனத்தின் இயல்புக்குச் சான்றாக இச்சோதனை வகுப்பறைகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அதனுள் மொழியியலுக்கு உரிய வேறொரு கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது. தட்டியவர் எதைத் தட்டினார்? பாட்டின் தாளத்தையா, ஸ்வரங்களையா, சொற்களின் அசைகளையா?

மனிதர் தோற்ற இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் முயற்சி பின்னர் வந்தது. தைவானில் ரோஜர் ஜாங்கும் உடனாய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட கட்டுரை, தட்டலைக் கொண்டு பாட்டைத் தேடும் முறையைத் தனித் துறையாகவே முன்வைத்தது. அதற்குமுன் முணுமுணுத்துத் தேடும் முறை இருந்தது. அதில் சுருதியின் ஏற்ற இறக்கமே முதன்மைச் சான்று. தட்டலில் சுருதி இல்லை. எஞ்சுவது ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலான கால அளவு மட்டுமே. அக்கால அளவுகளின் வரிசையை, முன்பே சேர்த்து வைத்த பாடல்களின் வரிசைகளோடு ஒப்பிட்டு நெருக்கமானதைச் சொல்வதே அம்முறை. இத்தகைய அமைப்புகள் ஓரளவு வெற்றி பெறுகின்றன என்றால் அதற்கு ஒரு காரணம், நியூட்டனின் கேட்பவருக்கு இல்லாத வசதி கணினிக்கு இருப்பது. விடை ஒரு குறிப்பிட்ட பட்டியலுக்குள்தான் இருக்கிறது என்பது அதற்கு முன்கூட்டியே தெரியும்.

ஒப்பீடு எப்படி நடக்கிறது என்பதை இந்தியாவின் எந்த ஊரிலும் பிறந்தநாள் அன்று ஒலிக்கிற 'ஹேப்பி பர்த்டே டு யூ' பாட்டைக் கொண்டே பார்த்துவிடலாம். முதலடியில் ஆறு அசைகள். ஆறுக்கும் ஆறு தட்டுகள். அடுத்த அடியின் முதல் தட்டையும் சேர்த்தால் ஏழு தட்டுகள், ஆறு இடைவெளிகள். (கடைசி அசை எவ்வளவு நீண்டது என்பதை அதன் தட்டு சொல்லாது, அடுத்த தட்டு விழுந்தால்தான் தெரியும். பாடகர் மூச்சு வாங்கும் இடமும் அதுவே ஆதலால், அடியிறுதி இடைவெளியை எப்போதும் சற்றே ஐயத்தோடுதான் நோக்க வேண்டும்.) பெரும்பாலோர் பாடும் முறையில், மிகக் குறுகிய இடைவெளியை ஓர் அலகாகக் கொண்டால், ஆறு இடைவெளிகளும் முறையே 3, 1, 4, 4, 4, 8 ஆகும். மொத்தம் 24 அலகு.

இப்போது ஒருவர் மேசையில் தட்டுகிறார் என்று கொள்வோம். ஒலிப்பதிவில் ஆற்றல் திடீரென உயரும் இடங்களைக் கணினி தட்டுகளாகக் குறித்துக்கொள்கிறது. கிடைத்த இடைவெளிகள் மில்லிநொடியில் 370, 170, 550, 530, 560, 1120 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 3300. இதை 24ஆல் வகுத்தால் ஓர் அலகு 137.5 மில்லிநொடி. அந்த அலகில் எழுதினால் 2.7, 1.2, 4.0, 3.9, 4.1, 8.1 என்றாகிறது. ஒருவர் விரைந்து தட்டினாலும் மெல்லத் தட்டினாலும் இவ்வாறு வகுத்தபின் ஒரே வடிவம் கிடைக்கும். ஏட்டில் உள்ள வரிசைக்கு இது மிக அருகில் இருக்கிறது. பிழை முதலிரண்டு இடங்களில்தான். அப்பிழை தற்செயலும் அன்று. 3க்கு 1 என்ற விகிதத்தைத் தட்டச் சொன்னால் மனிதர் கை 2க்கு 1 என்பதை நோக்கி நழுவும் என்பது தாள உளவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. மேலே உள்ள 370க்கும் 170க்கும் விகிதம் ஏறக்குறைய 2.2 தான்.

இன்னொரு பிழை வகையும் உண்டு. மூன்றாம் தட்டு மட்டும் 60 மில்லிநொடி தாமதமாக விழுந்தால் 170 என்பது 230 ஆகும். அடுத்த 550 என்பது 490 ஆகக் குறையும். விரல் செய்த தவறு ஒன்று; கணக்கில் தெரியும் தவறு இரண்டு, அதுவும் எதிரெதிர்த் திசையில். ஓர் இடைவெளி நீண்டும் அடுத்தது அதே அளவு குறுகியும் இருந்தால் அது வேறு பாட்டின் அடையாளமன்று, ஒரு தட்டின் பிசகு என்று நன்கு அமைந்த நிரல் கண்டுகொள்ள வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் விடுபட்ட தட்டு. இரண்டாம் அசையைத் தட்டுபவர் விழுங்கிவிட்டார் என்றால் முதலிரண்டு இடைவெளிகள் ஒன்றாகி, வரிசை 4, 4, 4, 4, 8 என்று மாறும். இதை 3, 1, 4, 4, 4, 8 என்பதோடு ஒன்றுக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தால் தொடக்கம் தொட்டு எல்லாம் ஓரிடம் விலகிப்போய், பாட்டு முற்றிலும் வேறாகத் தோன்றும். ஆகவே, அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளை ஒரு சிறு தண்டத்தோடு கூட்டிக்கொள்ளலாம் என்ற சலுகையை நிரலுக்குத் தருகிறார்கள். ஏட்டில் உள்ள 3ஐயும் 1ஐயும் கூட்டி 4 ஆக்கினால் இரு வரிசைகளும் பொருந்திவிடும். எல்லாக் கூட்டல் வாய்ப்புகளையும் முயன்று தண்டம் மிகக் குறைந்ததைத் தேர்வதற்கு டைனமிக் புரோகிராமிங் என்ற பழைய, நம்பகமான வழிமுறை உண்டு. இதுவரை எல்லாம் பொறியியல். இதில் பிணக்கு ஏதுமில்லை.

பிணக்கு இனிமேல்தான். அமெரிக்க நாட்டுப்பண்ணின் முதலடியை ஸ்வர எழுத்தில் எடுத்துப் பார்த்தால் அதன் இடைவெளிகளும் 3, 1, 4, 4, 4, 8. இரண்டாம் அடியும் அப்படியே. பிறந்தநாள் பாட்டின் இரண்டாம் அடியும் முதலடியைப் போன்றதே. மெட்டு வேறு, சொல் வேறு, பாடும் வேகம் வேறு, பாடப்படும் இடமும் வேறு. ஆயினும் பன்னிரண்டு ஸ்வரங்கள்வரை தாள வடிவம் ஒன்றே. மூன்றாம் அடியில்தான் இரண்டும் பிரிகின்றன. ஓர் அடியை மட்டும் தட்டிவிட்டுக் காத்திருப்பவருக்குக் கணினி இவ்விரண்டில் ஒன்றை முதலிடத்தில் காட்டுமானால், அது கண்டுபிடிப்பு அன்று, நாணயம் சுண்டியது.

ஆனால் அந்த நாட்டுப்பண்ணின் முதற்சொல் ஓரசைச் சொல். அந்த ஓர் உயிரொலி இரண்டு ஸ்வரங்களின் மீது நீள்கிறது. சொல்லை நினைத்துத் தட்டுபவர் அங்கே ஒரு முறைதான் தட்டுவார். அவருடைய வரிசை 4, 4, 4, 4, 8 ஆகிவிடும். பிறந்தநாள் பாட்டில் ஒரு தட்டை விழுங்கியவரின் வரிசை எதுவோ அதுவே இது. ஒருவருடைய தவறும் மற்றொருவருடைய சரியும் ஒரே வரிசையாகக் கணினியின் முன் வந்து நிற்கின்றன. கூட்டிக்கொள்ளும் சலுகையைத் தாராளமாகத் தந்தால் இரண்டும் கலந்துவிடும். தராவிட்டால் இரண்டில் ஒருவர் தோற்பார். தண்டத்தின் அளவைக் கூட்டிக் குறைத்து இதைத் தீர்க்க முடியாது. தட்டுபவர் ஸ்வரத்தைத் தட்டினாரா, அசையைத் தட்டினாரா என்ற கேள்விக்கு விடை தெரிந்தால்தான் தீரும்.

இந்தியப் பாடல்களுக்கு இத்தகைய தேடலை அமைக்க முனைவோர் பெரும்பாலும் சறுக்கும் இடமும் இதுவே. முதலில் தாளத்தின் பெயரில் ஒரு குழப்பம். பாட்டின் தாளம் என்றதும் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையோ, தபலாவின் கஹர்வா, தாத்ரா ஆகியவற்றின் டேக்காவோ நினைவுக்கு வருவது இயல்பு. கஹர்வா எட்டு மாத்திரைச் சுழற்சி, தாத்ரா ஆறு. இந்தித் திரைப்பாடல்களில் எண்ணற்றவை இவ்விரண்டில் ஒன்றில்தான் ஓடுகின்றன. ஆகவே டேக்காவைத் தட்டினால் கிடைப்பது ஒரு பாட்டின் முகவரியன்று. ஒரு மாநிலத்தின் பெயர். எண்ணிக்கையை மட்டும் தட்டினாலோ எல்லா இடைவெளிகளும் சமமாகி அதுவும் கிடையாது. பாட்டைப் பாட்டாக அடையாளம் காட்டுவது சொற்கள் எந்தெந்த நேரத்தில் விழுகின்றன என்பதே. தட்டுபவரிடம் 'தாளம் போடுங்கள்' என்று சொல்லாமல் 'மனத்துக்குள் பாடுங்கள், ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு' என்று சொல்வது சிறிய மாற்றம்தான். ஆனால் முழு அமைப்பின் தலையெழுத்தும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

அசை என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழ் யாப்பில் நிரையசை என்பது இரண்டு குறில்களையோ குறிலும் நெடிலுமாகவோ உள்ளடக்கிய ஒன்று. அதற்கு மேசையில் விழுவது இரண்டு தட்டு. இங்கே வேண்டப்படுவது யாப்பின் அசையன்று. ஓர் உயிரொலியைக் கருவாகக் கொண்ட, மொழியியலார் சொல்லும் அசை.

அடுத்தது ஏட்டின் குழப்பம். மெட்டை ஸ்வரம் ஸ்வரமாக எழுதிய கோப்பிலிருந்து இடைவெளிகளை எடுத்துத் தரவுத்தளம் அமைப்பது எளிது. ஆனால் சங்கதிகளும் கமகங்களும் நிறைந்த பாட்டில் ஓரசையின் மேல் ஐந்தாறு ஸ்வரங்கள் ஓடும். ஏட்டில் ஆறு தொடக்கங்கள் இருக்க, தட்டு ஒன்றே விழும். எனவே இந்தியப் பாடல்களுக்கான தரவுத்தளம் சொற்களைக் காலத்தோடு பொருத்திக் குறித்ததாகவே இருக்க வேண்டும். இது மெனக்கெட்ட வேலை. ஆயினும் ஒலியியல் ஆய்வுக்கூடங்களில் பிராட் மென்பொருளில் நாள்தோறும் நடக்கும் வேலையே. அங்கும் ஒரு நுட்பம் உண்டு. அசையின் தொடக்கம் என்று காது உணரும் கணம் மெய்யொலி தொடங்கும் இடமன்று. 1976இல் மார்ட்டன், மார்கஸ், ஃபிராங்கிஷ் ஆகியோர் இந்த உணர்மையத்தைப் பற்றி எழுதினார்கள். அது பெரும்பாலும் உயிரொலியின் தொடக்கத்தை ஒட்டி அமைகிறது. 'ஸ' போன்ற நீண்ட உரசொலியில் தொடங்கும் அசையை மெய்யின் தொடக்கத்தில் குறித்துவிட்டால், கை தட்டும் கணத்துக்கு முன்பாகவே ஏட்டில் தொடக்கம் விழுந்துவிடும். குறிப்பவர் உயிரொலியின் தொடக்கத்தில் குறித்தால் இப்பிழை பெரிதும் அடங்கும்.

எழுத்துருவிலிருந்து தானாகவே அசைகளைப் பிரித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பேச்சு இந்தியில் சொல்லிறுதி அகரம் மறைந்துவிடும், 'ராம்' ஓரசை. செய்யுளின் மாத்திரைக் கணக்கிலோ அந்த அகரம் உயிரோடு இருக்கிறது. பாடும்போது 'ராம' என்று ஈரசையாக ஒலிப்பதும் வழக்கம். பேச்சுக்கு எழுதிய விதிகளைக் கொண்டு பாட்டின் தட்டுகளை எண்ணினால் அடிதோறும் ஒன்றிரண்டு குறையும். மேலே கண்ட 3, 1, 4 கதை மீண்டும் தொடங்கிவிடும்.

இவ்வளவையும் சரிசெய்தபின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அது தொழில்நுட்பத்தின் குறையன்று, நம் பாடல் மரபின் இயல்பு. புஜங்கப் பிரயாதம் என்ற வடமொழி விருத்தத்தை எடுத்துக்கொள்வோம். இலகு, குரு, குரு என்ற வரிசை நான்கு முறை. அடிக்குப் பன்னிரண்டு அசைகள். ஓதும்போது இலகுவுக்கு ஒரு பங்கு காலமும் குருவுக்கு இரண்டு பங்கும் கொடுத்தால் இடைவெளிகள் 1, 2, 2, 1, 2, 2 என்று போய்க்கொண்டே இருக்கும். சங்கரர் பெயரில் வழங்கும் சுப்பிரமணிய புஜங்கம், பவானி புஜங்கம், சிவ புஜங்கம் எல்லாம் இந்த விருத்தம். பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. இவற்றுள் எதை மனத்தில் கொண்டு தட்டினாலும் மேசையில் கேட்பது ஒன்றே. மூன்றாம் அடிவரை பொறுத்திருந்தால் பிரியும் என்ற ஆறுதல்கூட இங்கே இல்லை. கடைசி அடிவரை தட்டினாலும் பிரியாது. துளசிதாசரின் சௌபாயி இதற்கு ஓரளவு மாறானது. அங்கே அடிக்குப் 16 மாத்திரை என்பதே முதன்மை விதி. குறிலும் நெடிலும் எவ்வாறு பங்கிடப்படும் என்பது அடிக்கு அடி மாறும். ஆகவே ராமசரித மானசத்தின் ஓரடியும் அனுமன் சாலீசாவின் ஓரடியும் தட்டில் வேறுபடக்கூடும். ஆனால் அவரவர் ஊர் மெட்டில் பாடும்போது அந்த வேறுபாட்டை மெட்டே நிரவிவிடுவதும் உண்டு.

தமிழில் இதற்கு மறுகோடி அருணகிரிநாதர். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டின் தலைமேல் அதன் சந்தம் 'தத்த', 'தந்த', 'தான', 'தனன' என்பன போன்ற வாய்பாடுகளால் அச்சிடப்பட்டிருக்கும். தட்டித் தேடும் கணினி வைத்திருக்க வேண்டிய ஏடு இதுவே என்று தோன்றும். ஒரு வகையில் உண்மைதான்; சந்தங்கள் பாட்டுக்குப் பாட்டு பெரிதும் வேறுபடுவதால் இங்கே தட்டு வரிசை ஏறக்குறைய முகவரியாகவே பயன்படும். ஆனால் அந்த வாய்பாடு தாளத்தை மட்டும் சொல்வதில்லை. 'தத்த' என்பது வல்லொற்றையும் 'தந்த' என்பது மெல்லொற்றையும் குறிக்கிறது. மேசைமீது விழும் விரலுக்கு வல்லினமும் மெல்லினமும் ஒன்றே. இரண்டும் ஒரே இடைவெளியில் விழும் இரண்டு தட்டுகள். சந்தம் காக்கும் வேறுபாடுகளில் ஒரு பகுதியைத் தட்டல் இழந்துவிடுகிறது.

ஆகவே தட்டல் முதலில் கண்டுபிடிப்பது யாப்பை. அந்த யாப்பில் ஒரே ஒரு பாட்டு இருந்தால் மட்டுமே பாட்டையும் கண்டுபிடித்ததாகும். இதை ஒப்புக்கொண்டால் இத்துறையில் வழங்கும் மதிப்பீட்டு முறை இந்தியப் பாடல்களுக்குப் பொருந்தாது என்பது தெளிவாகிறது. சரியான பாட்டு முதலிடத்தில் வந்ததா, முதல் பத்துக்குள் வந்ததா என்று எண்ணுவதே வழக்கம். புஜங்கங்கள் பன்னிரண்டு உள்ள பட்டியலில், எவ்வளவு நன்றாகத் தட்டினாலும், எது முதலில் வரும் என்பது சீட்டுக் குலுக்கலே. அங்கே தோற்ற நிரலைத் திருத்தப் போகிறவர், திருத்த ஒன்றுமில்லாத இடத்தில் மாதங்களைச் செலவிடுவார். மாறாக, பட்டியலில் உள்ள பாடல்களை முதலில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தட்டளவில் பிரிக்க இயலாதவற்றை ஒரே குழுவாக்கிவிட வேண்டும். கணினி சரியான குழுவைச் சொன்னதா என்பதற்கே மதிப்பெண். குழுவுக்குள் எந்தப் பாட்டு என்பதற்கு வேறு சான்றைத்தான் கேட்க வேண்டும்: முதலெழுத்தைக் கேட்கலாம், ஓரடியை முணுமுணுக்கச் சொல்லலாம்.

திரைப்பாடல்களுக்கு மட்டும் இன்னொரு சான்று கையிலேயே இருக்கிறது. எல்லோரும் மனத்தில் வைத்திருப்பது ஒரே ஒலிப்பதிவு. 1996இல் லெவிட்டினும் குக்கும் செய்த ஆய்வில், புகழ்பெற்ற பாடல்களை நினைவிலிருந்து பாடியவர்களின் வேகம் பெரும்பாலும் மூலப் பதிவின் வேகத்துக்கு 8 விழுக்காட்டுக்குள் இருந்தது. மேலே 137.5 மில்லிநொடியால் வகுத்தபோது தூக்கியெறிந்தது இந்த வேகத்தைத்தான். அதை முதற்கட்ட ஒப்பீட்டில் சேர்த்தால் தடுமாறித் தட்டுபவர் பாதிக்கப்படுவார். ஆனால் இரண்டு பாடல்கள் சமநிலையில் நிற்கும்போது தீர்ப்புச் சொல்ல அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். ஊருக்கு ஒரு வேகத்தில் ஓதப்படும் தோத்திரங்களுக்கு இது உதவாது.

இத்தகைய அமைப்பொன்றை யாரேனும் ஆய்வரங்கில் செய்துகாட்டும்போது, பட்டியலில் உள்ள பாட்டைத் தட்டிப் பார்ப்பதைவிடப் பயனுள்ள சோதனைகள் இரண்டு உண்டு. பட்டியலில் இல்லாத பாட்டு ஒன்றை அசை பிசகாமல் தட்டுவது ஒன்று. மனத்தில் எந்தப் பாட்டும் இல்லாமல் கஹர்வாவின் டேக்காவை நான்கு சுற்று தட்டுவது மற்றொன்று. இரண்டுக்கும் சரியான விடை 'தெரியவில்லை' என்பதே. அந்த இடத்திலும் திரையில் ஒரு பாட்டின் பெயர் உறுதியோடு தோன்றுமானால், அதற்குமுன் அந்த அமைப்பு சொன்ன சரியான பெயர்களையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.